குறிப்புக்கு முன்னால் ஒரு சொல்

சக ஊழியர் எழுதிய நிரலைப் படித்த ஒருவர், "இங்கே ஏன் கால வரம்பு இல்லை?" என்று குறிப்பு எழுதுகிறார். அவருக்கு அது வெறும் சந்தேகம். எழுதியவருக்கோ கண்டிப்பாகப் படுகிறது. தேவையில்லாமல் நிரலைத் திருத்தத் தொடங்குகிறார். அதே வரி `question:` என்று தொடங்கியிருந்தால், "வரம்பை லைப்ரரியே வைத்துவிடுகிறது" என்ற ஒரே பதிலோடு முடிந்திருக்கும்.

`nit:` என்றால் மாறியின் பெயர் போன்ற சின்ன விஷயம். திருத்தாமல் விட்டாலும் நிரல் சேர்க்கப்படும். கூகுளின் மறுஆய்வு வழிகாட்டியும் இதைப் பரிந்துரைக்கிறது. `blocking:` என்றால் சரிசெய்யும்வரை சேர்க்கக் கூடாது. இதற்கு மட்டும் காரணத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்பேன்: "பொத்தானை இருமுறை அழுத்தினால் பணம் இருமுறை பிடிக்கப்படும்" என்பது போல. தயக்கத்தால் இத்தகைய பிழைக்கும் `nit:` போடுபவர்கள் உண்டு. அப்போது அது திருத்தப்படாமலே வாடிக்கையாளரிடம் போய்விடலாம்.