உருக்கினால் மிஞ்சுவது

பெரிய நகைக்கடை எதிலும் இரண்டு மேசைகள் உண்டு. ஒன்றில் வெளிச்சம், வெல்வெட் தட்டு, கண்ணாடி, காபி. இன்னொன்று பெரும்பாலும் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே ஒரு மின்னணுத் தராசு, ஒரு கருப்பு உரைகல், அமிலக் குப்பி, சில கடைகளில் சின்னதாக ஓர் எக்ஸ்ரே பெட்டி. பழைய நகை எடுக்கும் இடம் அது. முதல் மேசையில் நாம் காசு கொடுத்து வாங்கிய டிசைனுக்கு இந்த இரண்டாவது மேசையில் மதிப்பே கிடையாது. இதில் எவ்வளவு தங்கம், எத்தனை 'டச்' என்ற இரண்டு கேள்விதான். சேமிப்புக்கென்று தங்கம் வாங்குகிறவர்கள் முதல் மேசைக்குப் போகும் முன்பே இரண்டாவது மேசையின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 22 காரட் கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் செயின். தங்கத்தின் விலை 1,60,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 19,200. செய்கூலி இல்லை என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லியிருப்பார். அது சேதாரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கூட்டினால் 1,79,200. இந்த மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 5,376. கையை விட்டுப் போவது 1,84,576 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் சொற்பம், விட்டுவிடுவோம்.

மறுநாளே, விலை மாறாத நிலையில், அதே செயினை விற்கப் போனால்? எடைக்கும் தரத்துக்கும் குறை சொல்லாத நல்ல கடை என்றே வைத்துக்கொள்வோம். உருக்குச் செலவு, லாபம் என்று 2 சதவீதம் பிடித்துக்கொண்டு 1,56,800 கொடுப்பார்கள். ஒரே இரவில் 27,776 ரூபாய் காணோம். போட்ட பணம் திரும்பி வரவே தங்கம் கிராம் 11,771 ரூபாய்க்கு ஏற வேண்டும். விலை ஏறக்குறைய 18 சதவீதம் உயர்ந்த பிறகுதான் அந்தச் செயின் நமக்குச் சம்பாதித்துக் கொடுக்கத் தொடங்குகிறது.

இதே 16 கிராமை இரண்டு ஒரு பவுன் 916 காசுகளாக வாங்கினால் கூலி கடைக்குக் கடை மாறும். 3 சதவீதம் என்று கொள்வோம். 4,800 கூலி, 4,944 வரி, மொத்தம் 1,69,744. விற்றால் அதே 1,56,800. இழப்பு 12,944. கிராம் 10,826-ஐத் தொட்டால் கணக்கு நேராகிவிடும். காசுக்கும் செயினுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தச் சேதாரத்தில்தான் இருக்கிறது.

சேதாரம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஆசாரி கம்பி இழுக்கும்போதும், அரம் போடும்போதும், மெருகேற்றும்போதும் தங்கத் தூள் உதிரும். பட்டறை மண்ணைக் கூட்டி அலசி அந்தத் தூளைப் பிரித்தெடுத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் நகைப் பட்டறைத் தெருக்களில் உண்டு. ஆனால் இன்று இயந்திரத்தில் பின்னப்படும் செயினில் அவ்வளவு தங்கம் உதிர்வதில்லை. உதிர்வதையும் பட்டறை மீட்டுவிடும். பில்லில் உள்ள சதவீதம், உண்மையில் வேலைப்பாட்டுக்கும் கடை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் நடிகருக்கும் சேர்த்து நாம் கொடுக்கும் விலை. அது கடைக்காரரின் உரிமை, தப்பில்லை. அதைத் தங்கம் என்று நாம் நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். பில்லில் '17.920 கிராம்' என்று சேதாரத்தோடு சேர்த்து எழுதியிருந்தாலும் கழுத்தில் ஏறுவது 16 கிராம்தான்.

மேலே போட்டது நல்ல கடையின் கணக்கு. பாட்டி காலத்து நகையைக் கொண்டுபோனவர்களுக்கு நடப்பது வேறு. 22 காரட் என்று வாங்கியதை உருக்கிப் பார்த்து '86 டச்' என்பார்கள். எல்லா நேரத்திலும் இது ஏமாற்று இல்லை. நகையின் துண்டுகளைப் பற்றவைக்கப் பயன்படும் பொடி, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகியாக வேண்டும். இல்லையென்றால் நகையே உருகிவிடும். அதற்காகத் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நூறு கண்ணி உள்ள சங்கிலியில் நூறு பற்று. மொத்தமாக உருக்கும்போது அந்தக் கலப்பெல்லாம் உள்ளே போய் தரத்தை இறக்கிவிடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் கே.டி.எம். நகை. பொடியில் காட்மியம் கலந்தால் பற்றவைக்கும் சூட்டில் காட்மியம் ஆவியாகப் போய்விடும், தங்கத்தின் தரம் இறங்காது. ஆவியானது பற்றவைத்தவரின் நுரையீரலுக்குப் போனது என்பதால் அந்த முறை கைவிடப்பட்டது. இன்றும் சிலர் கே.டி.எம். என்றால் சுத்தத் தங்கம் என்று நினைக்கிறார்கள். அது பற்றவைத்த விதத்தின் பெயர். தரத்துக்கான முத்திரை இல்லை.

சரி, தரத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுப்பார்கள். பக்கத்திலேயே தரம் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு. செம்பும் வெள்ளியும் கரையும், தங்கம் கரையாது. எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, பழகிய கண் தரத்தைச் சொல்லும். சொல்வது ஓர் உத்தேசம்தான்; அதுவும் உரசிய இடத்துக்கு மட்டும்.

எக்ஸ்ரே பெட்டி இன்னும் நறுவிசு. நகையின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அதை எண்ணிப் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் தங்கம் இத்தனை, செம்பு இத்தனை என்று திரையில் காட்டிவிடும். நகைக்குச் சேதமே இல்லை. ஆனால் தங்கம் அடர்த்தியானது. உள்ளே இருந்து வரும் கதிரைத் தானே விழுங்கிவிடும். பெட்டி பார்ப்பது ஒரு மயிரிழைத் தடிமன்கூட இல்லாத மேல்தோலை மட்டும். தடிமனாக முலாம் பூசிய போலியை அது நல்ல தங்கம் என்றே சொல்லக்கூடும். அதனால்தான் விற்கப் போகும்போது, "உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்ல முடியும்" என்கிறார்கள். உருக்கிய பிறகு நகை திரும்பி வராது. விலை பிடிக்காவிட்டால் கட்டியைத்தான் கையில் வாங்கி வர வேண்டும். ஆகவே உருக்கச் சம்மதிக்கும் முன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கண் முன்னே உருக்கச் சொல்லுங்கள்.

இறுதித் தீர்ப்பு சொல்வது நெருப்புச் சோதனை. ஹால்மார்க் மையங்களில் மாதிரி எடுத்துச் செய்வது இதைத்தான். நகையிலிருந்து 250 மில்லிகிராம் சுரண்டி எடுத்து, அதோடு தங்கத்தைப்போல் இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொட்டலம் கட்டுகிறார்கள். எலும்புச் சாம்பல் போன்ற நுண்துளைப் பொருளால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேலான உலையில் ஏற்றுகிறார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, செம்பையும் மற்ற மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போய்விடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு மணி. அதைத் தட்டி, தகடாக இழுத்து, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து வெளியேறும். வெள்ளியைச் சேர்த்ததே இதற்குத்தான். அது குறைவாக இருந்தால் அமிலம் உள்ளே நுழைய வழி கிடைக்காது. கடைசியில் நிற்கும் தவிட்டு நிறச் சுருளைச் சூடாக்கினால் மஞ்சள் மின்னும். எடை போட்டால் 229 மில்லிகிராம் இருக்க வேண்டும். 250-க்கு 229, ஆயிரத்துக்கு 916.

இப்படிச் சோதித்த நகையில் இன்று மூன்று குறிகள் இருக்கும்: பி.ஐ.எஸ். முக்கோணம், 22K916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த ஆறு இலக்கத்தோடுதான் விற்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. அந்த எண்ணை BIS CARE செயலியில் 'Verify HUID' பகுதியில் போட்டால் கடையின் பதிவு, சோதித்த மையம், நகையின் வகை, தரம் எல்லாம் வரும். நகையின் வகையைக் கட்டாயம் பாருங்கள். கையில் இருப்பது செயின், செயலி சொல்வது மோதிரம் என்றால் யாரோ ஓர் எண்ணைத் திருடி அடித்திருக்கிறார்கள். முத்திரை இருந்தும் தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க விதிகளில் இடமுண்டு. அதற்குப் பில் வேண்டும். கல் வைத்த நகையென்றால் கல்லின் எடை தனியாகவும் தங்கத்தின் நிகர எடை தனியாகவும் எழுதிய பில். விற்கும்போது கல்லும் உள்ளிருக்கும் அரக்கும் கழிக்கப்படும்; வாங்கும்போது அவை தங்கத்தின் விலையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

காசிலும் சில சங்கதிகள் உண்டு. வங்கியில் வாங்கிய காசை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளாது. நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். 24 காரட் 999 காசு வாங்கினால், நாளை அதை நகையாக மாற்றப்போகும் கடை எந்த விலையில் எடுக்கும் என்று இன்றே கேளுங்கள். 22 காரட் விலையில் எடுத்தால் மதிப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். சீல் வைத்த அட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. பிரித்தால் மறுபடி சோதனை. அவசரத்துக்கு அடகு வைப்பதென்றால் நகைதான் சுலபம். காசுக்கு ஓர் ஆளுக்கு 50 கிராம் என்ற வரம்பு இருக்கிறது. கட்டியாக வாங்கிய தங்கத்தின் மேல் வங்கி கடனே தராது.

இப்போது பெரும்பாலான வீடுகளில் எழும் கேள்விக்கு வருவோம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பத்து வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு வேண்டும். காசா, செயினா? விலை கிராம் 20,000 ஆகிவிட்டது என்று வைப்போம். இரண்டு காசையும் அதே எடைச் செயினாக மாற்றும்போது, கழிவே இல்லாமல் கடை எடுத்தாலும், அன்றைய விலையில் 12 சதவீதச் சேதாரம் 38,400, புதுச் செயினின் முழு மதிப்புக்கும் ஜி.எஸ்.டி. 10,752, ஆக 49,152 கையிலிருந்து கட்ட வேண்டும். இன்றே செயினாக வாங்கியிருந்தால் காசைவிட அதிகம் கொடுத்திருப்பது 14,832 மட்டும். அந்தத் தொகை வங்கியில் 7 சதவீத வட்டியில் இரட்டிப்பாகியிருந்தாலும் 30,000-ஐத் தொடாது. ஆக, அவள் அதையே போட்டுக்கொள்வாள் என்றால் செயின்தான் லாபம். "இந்த டிசைனெல்லாம் யார் போடுறாங்க?" என்று மாற்றக் கேட்டால், அந்த 49,152-ஐயும் கட்டியாக வேண்டும், முன்பு கொடுத்த 14,832-உம் வீண். பழக்கம் விட்டுப்போகாத, கல்லில்லாத, சேதாரம் குறைந்த கெட்டி வளையலும் மெல்லிய செயினும் என்றால் நகையாக. நெக்லஸ், ஆரம், ஜிமிக்கி என்றால் காசாக வைத்திருந்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.