பணியாளர் விலகும்போது கடைக் கணக்கின் சாவி

சிறு கடைகளில் ஒரே ஜிமெயில் கணக்கைப் பலர் பயன்படுத்துவது வழக்கம். கணக்கைத் தொடங்கிய பணியாளரின் சொந்தக் கைபேசி எண்ணே பெரும்பாலும் அதன் மீட்பு எண்ணாகவும் இருக்கும். அவர் விலகும்போது கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி, தன் எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொண்டு அவர் மீண்டும் உள்ளே வர வாய்ப்புண்டு.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியவை மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: எண்ணை மாற்றிய பிறகும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப கூகுள் முன்வரலாம். எனவே கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே இதை, விலகுபவரிடம் சொல்லிவிட்டே, செய்வது நல்லது.

கடைசி நாளில் புதிய கடவுச்சொல் வைத்து, Security பக்கத்தில் அவருடைய கருவிகளை வெளியேற்ற வேண்டும். இருபடிச் சரிபார்ப்பில் அவர் எண், அவருடைய பாஸ்கீ ஆகியவற்றை நீக்கி, காப்புக் குறியீடுகளைப் புதிதாக எடுக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத இடம் ஜிமெயில் அமைப்புகளில் உள்ள Forwarding பகுதி. அங்கே அவருடைய முகவரி இருந்தால், கடவுச்சொல் மாறினாலும் கடைக்கு வரும் கடிதங்களின் நகல் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். வடிகட்டிகளிலும் அப்படியே, அவற்றையும் பார்த்து நீக்க வேண்டும்.