தமிழ்ச் சொற்பட்டியலும் அகர வரிசையும்

இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய சொற்களைக் கணிப்பொறியிடம் அளித்து வரிசைப்படுத்தினால், அது பெரும்பாலும் எழுத்துகளின் யூனிகோடு குறியெண்களையே ஒப்புநோக்குகின்றது. அவ்வாறு கிடைக்கும் வரிசை அகராதி வரிசை அன்று.

மகன், மக்கள், மனம், மரம், மறம், மலர், மழை என்பது குறியெண் வரிசை. மக்கள், மகன், மரம், மலர், மழை, மறம், மனம் என்பதே அகர வரிசை. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் இரண்டு. குறியெண் அட்டவணையில் 'ன' என்பது 'ந'வை அடுத்தும், 'ற' என்பது 'ர'வை அடுத்தும் அமைந்துள்ளன. நம் நெடுங்கணக்கிலோ அவை இறுதியில் நிற்பன. மேலும், புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்கும் பிந்தியது. ஆகவே 'க்' என்பது 'க'வுக்கு முன் வராமல் பின்தள்ளப்படுகின்றது.

இதற்குப் பரிகாரம் எளிது. சொல்லைக் குறியெண்களாகப் பிரிக்காமல் எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஈரெண் அளித்தல் வேண்டும். முதலெண் மெய்யின் வரிசையிடம் (க் 1 முதல் ன் 18 வரை), இரண்டாவது உயிரின் இடம் (புள்ளிக்கு 0, அ முதல் ஔ வரை 1 முதல் 12). தனி உயிருக்கு முதலெண் 0. ஆய்தம் 0, 13. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை 19 முதல் தொடரும். இதன்படி 'க்' 1, 0; 'க' 1, 1. எனவே 'மக்கள்' முந்துகின்றது.

ஒன்று கவனிக்கத்தக்கது. 'கொ' சில பக்கங்களில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாகவும், சிலவற்றில் ஒரே குறியாகவும் பதிவாகியிருக்கும். இவற்றை முதலில் ஒருமைப்படுத்தாவிடில், ஒரே சொல் பட்டியலில் இருமுறை தோன்றும்.