பின் கேட்டால்தான் பூட்டு

பேருந்தில் அழும் பக்கத்து சீட்டுக் குழந்தையிடம் கார்ட்டூன் போட்டுப் போனைக் கொடுக்கிறோம். அடுத்த நிமிடம் பிஞ்சு விரல் வாட்ஸ்அப்பில் நிற்கும். ஆண்ட்ராய்டில் இதற்கு வழி உண்டு. செட்டிங்ஸில் App pinning என்று தேடி, அதை ஆன் செய்யுங்கள். கார்ட்டூன் ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்கள் வரிசைக்குப் போய், அதன் ஐகானைத் தொட்டு Pin கொடுத்தால் திரை அங்கேயே நிற்கும்.

பலர் கோட்டைவிடுவது Ask for PIN before unpinning என்பதை. அதை ஆன் செய்யாவிட்டால், கீழிருந்து மேலே இழுத்துப் பிடித்தாலே பின்னிங் விலகி, போன் முழுதும் திறந்துவிடும். கொடுக்கும்முன் நீங்களே ஒருமுறை விலக்கிப் பாருங்கள், பூட்டுத்திரை வரவேண்டும்.

ஒரு படம் காட்ட கேலரியைப் பின் செய்யாதீர்கள். ஆப்புக்குள் இருப்பது எதையும் இது மறைக்காது. விரலைத் தள்ளினால் அடுத்த படம் வந்துவிடும்.