வராதவர்களுக்கும் ஒரு கேள்வி நேரம்

மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணக்காளர்களுக்கு இரண்டு தேதிகள் மனப்பாடம். ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. இதை யோசிக்காமல் 19ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு மின்-இன்வாய்ஸ் பற்றி ஒரு வெபினார் வைத்தால், ஆர்வமாகப் பெயர் கொடுத்தவர்களே அந்த நேரத்தில் பில் கட்டுகளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கோவையில் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனம் அப்படி நடத்தியது என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தவர்கள் 200 பேர், வந்தவர்கள் 80 பேர். இலவச வெபினார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வராமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். மீதி 120 பேரை ஆர்வமில்லாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களும் மின்-இன்வாய்ஸ் வரம்புக்குள் வந்துவிட்டன. அவர்களுடைய தேவை அப்படியேதான் இருக்கிறது, நேரம்தான் ஒத்துவரவில்லை.

முதல் வேலை, யார் வரவில்லை என்பதைச் சரியாகப் பிரிப்பது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். ஜூம் தரும் வருகை அறிக்கையில் Attended என்ற பத்தியில் Yes, No என்று வரும். ஆனால் ஒருவர் பதிவு செய்தது அலுவலக மின்னஞ்சலில், நுழைந்தது நண்பருக்கு வந்த இணைப்பில் என்றால் அவர் பெயருக்கு நேரே No என்றே இருக்கும். ஒரே கணினி முன் மூவர் உட்கார்ந்து பார்த்தால் ஒருவர்தான் கணக்கில் வருவார். முழு நேரமும் இருந்து கேள்வியும் கேட்டவருக்கு ‘உங்களால் வர முடியவில்லை’ என்று கடிதம் போனால் அவருக்கு எப்படி இருக்கும்? அதனால் அரட்டைப் பகுதியில் உள்ள பெயர்களோடு பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுவிட வேண்டும். மூன்று நிமிடம் இருந்துவிட்டுப் போனவர்களையும் வராதவர்களோடு சேர்ப்பதே நியாயம்.

வராதவர்களுக்குத் தானாகவே மின்னஞ்சல் அனுப்பும் வசதி ஜூமிலேயே உண்டு. அதை நம்பி விட்டுவிட்டால் ரெக்கார்டிங் தயாராகும் முன்பே, இணைப்பே இல்லாத கடிதம் போய்விடக்கூடும். ரெக்கார்டிங்கின் தொடக்கத்தில் ‘குரல் கேட்கிறதா’ என்று ஓடும் நிமிடங்களை வெட்ட வேண்டும். கேள்வி கேட்டவர்கள் சொன்ன நிறுவனப் பெயர், விற்றுமுதல் போன்றவற்றையும் நீக்க வேண்டும். அவர்கள் அந்த 80 பேர் கேட்கத்தான் சொன்னார்கள். கடைசியாக இணைப்பை வேறொரு கைப்பேசியில் திறந்து பார்ப்பது நல்லது. அனுப்பியவருக்கு மட்டும் திறந்து, மற்றவர்களிடம் கடவுச்சொல் கேட்கும் இணைப்புகள் ஏராளம்.

கடிதம் சிறியதாக இருந்தால் போதும்:

“வணக்கம். 19ஆம் தேதி மின்-இன்வாய்ஸ் வகுப்புக்குப் பதிவு செய்திருந்தீர்கள். தாக்கல் வேலை நெருக்கும் நாள் அது. ரெக்கார்டிங்கை இத்துடன் அனுப்புகிறோம். ஐஆர்என் ரத்து செய்வது 14ஆம் நிமிடத்திலும், 30 நாள் கெடு 31ஆம் நிமிடத்திலும் வருகின்றன. உங்கள் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்ல 23 மாலை 4 மணிக்கும், 24 காலை 11 மணிக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். இரண்டில் எது வசதி என்று பதில் எழுதுங்கள். கேள்வியையும் அதிலேயே எழுதலாம்.”

ரெக்கார்டிங்கைப் பார்க்க மறுபடி ஒரு படிவம் நிரப்பச் சொல்லக்கூடாது. அவர்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்தவர்கள்.

கேள்வி நேரம் ஏன் தேவை? ஒருவர் 34 நாட்களுக்கு முன் போட்ட பில்லுக்கு இன்னும் ஐஆர்என் எடுக்கவில்லை. அவருடைய ஆண்டு விற்றுமுதல் 12 கோடி. ஆண்டுக்கு 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களின் பில்லை 30 நாள் கடந்தால் தளம் ஏற்காது என்ற விதி 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ரெக்கார்டிங்கைப் பார்த்து இந்த விதியை அவர் தெரிந்துகொள்வார். தன் கையிலுள்ள பில்லை அடுத்து என்ன செய்வது என்பதை ஒரு ஆளிடம் கேட்டால்தான் தெளிவு கிடைக்கும். வெபினாரைத் தவறவிட்டவர் உண்மையில் இழந்தது இந்த வாய்ப்பைத்தான்.

அதனால் அந்த அரை மணி நேரத்தில் வெபினாரில் பேசியவரே இருக்க வேண்டும். விற்பனைப் பிரிவு ஆளை உட்கார வைத்து மென்பொருள் விலையைச் சொல்லத் தொடங்கினால், வந்தவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் வெளியேறுவார்கள், அடுத்த அழைப்பையும் திறக்க மாட்டார்கள். முன்கூட்டி எழுதி அனுப்பியவர்களின் கேள்விகளில் தொடங்கினால் மற்றவர்களுக்கும் பேச்சு வரும்.

120 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால்கூட இது வீண் வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் கொடுக்க அந்த எண்ணிக்கைதான் தோது. கடிதத்துக்குப் பதில் தராதவர்களுக்கு 22ஆம் தேதி ஒரே ஒரு நினைவூட்டல் போகலாம். அதற்கு மேல் எழுதினால் தொந்தரவு. அடுத்த வெபினாருக்கு நாள் குறிக்கும்போது, இரண்டு நேரங்களில் எதை அதிகம் பேர் கேட்டார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். 11க்கும் 20க்கும் முந்தைய நாட்களை நாட்காட்டியில் அடித்தும் விடலாம்.