பழுப்பு வாயுவை எடை போட்டவர்கள்

பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் நிலையில் இருக்கும் விகாஸ் எஞ்சின் டைநைட்ரஜன் டெட்ராக்சைடு (N₂O₄) என்ற திரவத்தைக் கொண்டுதான் தன் எரிபொருளை எரிக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் திரவ எஞ்சின்களைச் சோதிப்பவர்களுக்கு இது பழகிய பொருள். 21 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், நம் ஊர் வெயிலில் மூடிய கலத்துக்குள் அழுத்தத்தோடு வைத்தால்தான் திரவமாக நிற்கும். எங்காவது கசிந்தால் செம்பழுப்பு நிறப் புகை எழும். அந்தப் புகை நுரையீரலைத் தாக்கும். பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தெரியவருவதும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது நிறம். டைநைட்ரஜன் டெட்ராக்சைடுக்கு நிறமே கிடையாது. பழுப்பு நிறம் அதன் பாதி மூலக்கூறான நைட்ரஜன் டைஆக்சைடுக்கு (NO₂) உரியது. ஒரு N₂O₄ மூலக்கூறு உடைந்தால் இரண்டு NO₂ பிறக்கும். இரண்டு NO₂ சந்தித்தால் மீண்டும் ஒரு N₂O₄ ஆகும். மூடிய கலத்தில் இரண்டும் ஓயாமல் நடக்கின்றன. உடையும் வேகமும் சேரும் வேகமும் ஒன்றானபின் கலவையின் விகிதம் மாறாமல் நிற்கிறது. அதைத்தான் சமநிலை என்கிறோம். அந்த நிலையில் நூற்றுக்கு எத்தனை மூலக்கூறு உடைந்திருக்கிறது? கலத்தைத் திறந்து எண்ணிப் பார்க்க வழியில்லை. கொஞ்சம் வாயுவை வெளியே எடுத்துச் சோதித்தால், எடுக்கும்போதே அழுத்தமும் வெப்பநிலையும் மாறி விகிதமும் மாறிவிடும். கலவையைக் கலைக்காமல் விடை காண ஒரு வழி இருக்கிறது: வாயுவை எடை போடுவது.

1867-இல் பிரான்ஸின் ஆன்றி சேன்ட்-கிளேர் தெவில், லூயி த்ரூஸ்ட் என்ற இரு வேதியியலாளர்கள் இந்த வாயுவின் அடர்த்தியைப் பல வெப்பநிலைகளில் அளந்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். காற்றின் அடர்த்தியை 1 என்று வைத்து எழுதிய எண்கள் அவை. 26.7 டிகிரியில் 2.65, 60.2 டிகிரியில் 2.08, 100.1 டிகிரியில் 1.68 என்று இறங்கிக்கொண்டே போகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1879-இல், அமெரிக்காவின் வில்லர்ட் கிப்ஸ் தன் சமநிலைக் கோட்பாட்டைச் சோதிக்க இந்த எண்களைக் கையில் எடுத்தார்.

வாயுவை எடை போடுவது எப்படி? அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது, ட்யூமா 1826-இல் வகுத்த முறை. மெல்லிய கழுத்துள்ள கண்ணாடிக் குமிழில் கொஞ்சம் திரவத்தை விட்டு, அளந்த வெப்பநிலையில் இருக்கும் தொட்டிக்குள் அமிழ்த்துவார்கள். திரவம் ஆவியாகி உள்ளிருக்கும் காற்றையெல்லாம் துரத்திவிட்டுக் குமிழை நிரப்பும். மிச்ச ஆவி வெளியேறியதும் கழுத்தைத் தீயில் உருக்கி மூடிவிடுவார்கள். இனி ஆற வைத்து எடை பார்க்கலாம். ஆறும்போது உள்ளே பல NO₂ மூலக்கூறுகள் மறுபடி சேர்ந்துவிடும். அதனால் நமக்கு நட்டம் இல்லை. நிறை மாறாது. சூட்டில் அந்தக் குமிழின் கொள்ளளவை எத்தனை கிராம் நிரப்பியது என்பதே நமக்கு வேண்டியது.

இப்போது 60.2 டிகிரியில் கிடைத்த 2.08-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறுகூட உடையாமல் இருந்திருந்தால் அடர்த்தி 3.18 இருந்திருக்க வேண்டும். N₂O₄-இன் மூலக்கூறு நிறை 92-ஐக் காற்றின் சராசரி நிறையான 28.96-ஆல் வகுத்தால் வருவது அது. எல்லாம் உடைந்திருந்தால் அதில் பாதி, 1.59. கிடைத்த எண் நடுவில் இருக்கிறது. மூலக்கூறு உடைவதால் நிறை குறைவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எண்ணிக்கை கூடினால் பிடிக்கும் இடமும் அதே அளவில் கூடும், அடர்த்தி அதே அளவில் குறையும். 3.18-ஐ 2.08-ஆல் வகுத்தால் 1.53. அதாவது, தொடக்கத்தில் 100 மூலக்கூறு இருந்த இடத்தில் இப்போது 153 துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு உடைவும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது என்பதால் உடைந்தவை 53. பிரிகை வீதம் α = 0.53.

பாடநூலில் இதையே சூத்திரமாகப் படித்திருப்பீர்கள். D என்பது உடையாத நிலையின் அடர்த்தி, d என்பது அளந்த அடர்த்தி என்றால்:

α = (D − d) / d

பாடநூல் கணக்குகளில் காற்றுக்குப் பதிலாக ஹைட்ரஜனை அளவாக வைப்பதால் D = 46 என்று வரும்; நம்முடைய 2.08 அங்கே ஏறத்தாழ 30 ஆகிவிடும். கணக்கு ஒன்றேதான். வகுத்தி d என்பதை மட்டும் மறக்கக்கூடாது. D-ஆல் வகுத்தால் விடை 0.35 என்று வரும். பார்வைக்குப் பொருத்தமான எண் என்பதால் பிழை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

பிரிகை வீதத்திலிருந்து சமநிலை மாறிலிக்குப் போவது ஓர் அடிதான். 100 மூலக்கூறில் 53 உடைந்தால் மிச்சம் 47 N₂O₄, பிறந்தவை 106 NO₂, மொத்தம் 153. மொத்த அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் NO₂-இன் பகுதி அழுத்தம் 106/153 = 0.693; N₂O₄-க்கு 47/153 = 0.307. முன்னதை வர்க்கமாக்கிப் பின்னதால் வகுத்தால் K சுமார் 1.56. பொதுவாக எழுதினால், P என்பது மொத்த அழுத்தமாக:

K = 4α²P / (1 − α²)

α தெரிந்த பிறகு K எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விடையை அழுத்தக் கணக்கில் பார்க்கலாம். 1 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் காற்றை முழுக்க நீக்கி, 0.92 கிராம், அதாவது 0.01 மோல் N₂O₄ விட்டு மூடி, 25 டிகிரியில் வைக்கிறோம் என்று கொள்வோம். எதுவும் உடையாவிட்டால் அழுத்தம் 0.245 வளிமண்டலம் இருக்க வேண்டும். அழுத்தமானி 0.323 காட்டுகிறது. கொள்ளளவு இங்கே மாறாதது என்பதால், எண்ணிக்கை கூடியது அழுத்தமாக வெளிப்படுகிறது: 0.323/0.245 = 1.32. நூற்றுக்கு 32 உடைந்திருக்கிறது. மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் K சுமார் 0.147.

இதே 25 டிகிரியில், இதே வாயுவை 1 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால் நூற்றுக்கு 19 மட்டுமே உடைந்திருக்கும். அந்த 0.19-ஐயும் அதற்குரிய அழுத்தத்தையும் சூத்திரத்தில் போட்டால் K மறுபடி 0.15-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நெருக்கினால் மூலக்கூறுகள் சேரும், இடம் கொடுத்தால் பிரியும். ஆகவே பிரிகை வீதத்தை அழுத்தம் சொல்லாமல் குறிப்பிட்டால் அதற்குப் பொருள் இல்லை. K-க்கு வெப்பநிலையைச் சொன்னால் போதும்.

அழுத்தமுறை கேட்க எளிதாக இருந்தாலும் கையில் எடுத்தால் அலைக்கழிக்கும். இந்த வாயு பாதரசத்தைத் தாக்கும் என்பதால் சாதாரண பாதரச அழுத்தமானியோடு நேராக இணைக்க முடியாது. கண்ணாடிச் சுருளாலான மானி போன்ற ஒன்று வேண்டும். குடுவைச் சுவரில் ஈரம் இருந்தால் வாயு அதோடு வினைபுரிந்து நைட்ரிக் அமிலமாகும், அளவு குறையும். 21 டிகிரியில் கொதிக்கும் திரவத்தை எடை போட்டு ஊற்றுவதற்குள் கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் அந்த இழப்பு நேராக α-இல் போய் உட்காரும். உடையாத நிலையின் அழுத்தத்தைக் கணக்கிடும்போது, குடுவை எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ அதையே எடுக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் கணக்கிட்டதைச் சூட்டில் அளந்ததோடு ஒப்பிட்டால், சூட்டால் ஏறிய அழுத்தமும் உடைவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தெவில்–த்ரூஸ்ட் அட்டவணையில் எல்லா வரிகளையும் ஒரே அளவு நம்பலாமா? என் பார்வையில் கூடாது. 60.2 டிகிரியில் அடர்த்தி 2.08-க்குப் பதில் 2.09 என்று அளந்திருந்தால் K 1.55-இலிருந்து 1.49 ஆகும், பொறுத்துக்கொள்ளக்கூடிய மாற்றம். 135 டிகிரியில் அவர்கள் கண்டது 1.60. அதன்படி K சுமார் 157. அங்கே 1.61 என்று வந்திருந்தால் K 77 ஆகிவிடும். அடர்த்தியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் மாறிலி பாதியாகிறது! காரணம் சூத்திரத்தின் அடியில் இருக்கும் (1 − α²). கிட்டத்தட்ட எல்லாம் உடைந்த நிலையில் அது மிகச் சின்ன எண். மிஞ்சியிருக்கும் ஓரிரண்டு N₂O₄ மூலக்கூறுகளைத்தான் நாம் உண்மையில் அளக்கிறோம், அதுவும் அவற்றைச் சூழ்ந்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு. தரவு எடுப்பவர் பாதியளவு உடைந்திருக்கும் வெப்பநிலைகளைத் தேடிப் போவது இதனால்தான்.

அட்டவணையின் கடைசி வரிகள் இன்னும் சுவையானவை. 154 டிகிரியில் 1.58, 183.2 டிகிரியில் 1.57. முழுக்க உடைந்தாலும் 1.59-க்குக் கீழே போகக்கூடாத அடர்த்தி அது. 1.57-ஐச் சூத்திரத்தில் போட்டால் α = 1.03 என்று வருகிறது. நூறு மூலக்கூறில் நூற்று மூன்று உடைந்ததாகப் பொருள். 154 டிகிரி எண்ணை அளவைப் பிழை என்று ஒதுக்கலாம். ஆனால் ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேல் வேறொன்றும் தொடங்குகிறது. நைட்ரஜன் டைஆக்சைடே உடைந்து நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் ஆகிறது: 2NO₂ ⇌ 2NO + O₂. இரண்டு துகள் மூன்றாவதால் அடர்த்தி மேலும் இறங்கும். இதற்குக் கண்ணே சாட்சி சொல்லும்: நைட்ரிக் ஆக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் நிறம் இல்லை, ஆகவே இன்னும் அதிகம் சூடாக்கினால் பழுப்பு நிறம் வெளிறத் தொடங்கும். ஒரே ஒரு உடைவு நடக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் அங்கே பொருந்தாது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கணக்கில் α ஒன்றைத் தாண்டினால் விடையை 1 என்று திருத்தி எழுதாதீர்கள். முதலில் எடையையும் வெப்பநிலையையும் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால், குடுவைக்குள் இன்னொரு வினை நடக்கிறது என்று எழுதுங்கள்.