தாத்தாவுக்கு மூன்று நிமிடம்

பதினாறாம் நாள் படத்திறப்பில் பேரனையோ பேத்தியையோ பேச அழைப்பது இன்று பல வீடுகளில் வழக்கம். அங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு ஒன்றுதான்: பிறந்த ஊர், வேலை, பிள்ளைகள் என்று வாழ்க்கைக் குறிப்பை ஒப்பிப்பது. அதெல்லாம் அழைப்பிதழிலேயே இருக்கிறது. "அன்பானவர், பண்பானவர்" என்பதோ எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும்.

கூட்டத்தில் பாதிப்பேர் உறவினர், பாதிப்பேர் தெருக்காரர்கள். இரு தரப்புக்கும் தெரிந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தாத்தா தினமும் விடியற்காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி இப்படித் தொடங்கலாம்: "எங்க தாத்தா தட்டாத கதவு இந்தத் தெருவுல இல்ல. தூக்கம் கெட்டுப்போச்சுன்னு திட்டினவங்களும் இங்க வந்திருக்கீங்க." சிரிப்பு எழும். எழட்டும், அதில் அவமரியாதை ஏதுமில்லை. அடுத்து, காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவரே இரண்டு குடம் பிடித்து வைத்த நாள். அது போதும்.

எழுதியதை முதல்நாளே பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். பெயரும் நிகழ்ச்சியும் சரிபார்க்கப்படும். பாட்டி வெளியே சொல்ல விரும்பாததும் தெரிந்துவிடும். தாளில் பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மனப்பாடம் வேண்டாம், அழுகை வந்தால் மறந்துபோகும். தொண்டை அடைத்தால் மீதியைப் படிக்க ஒரு சித்தப்பாவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.